விலையைக் குறைச்சா மட்டும் பை பாக்ஸ் கிடைக்காது: ஒரே பொருளை நாலு பேர் விக்கும்போது உள்ள என்ன நடக்குது

ஆன்லைன்ல விக்கிறவங்க இருக்கற எந்த வாட்ஸ்அப் குரூப்புக்கு போனாலும் வாரத்துல ரெண்டு தடவையாவது இந்த பேச்சு வரும். "பாக்ஸ் போயிடுச்சு, அஞ்சு ரூபா குறைச்சேன் வரல, இன்னும் அஞ்சு குறைக்கட்டுமா?" பாக்ஸ்னு அவர் சொல்றது, அமேசான் பக்கத்துல Add to Cart பட்டனுக்கு பின்னாடி நிக்கற இடத்தை. உடனே பத்து பேர் குறைங்கன்னு சொல்லுவாங்க, அவரும் குறைப்பார், எதிர்ல இருக்கறவரும் குறைப்பார், ரெண்டு வாரத்துல ரெண்டு பேருக்கும் கையில ஒண்ணும் நிக்காது. மத்தவங்களோட செல்லர் அக்கவுண்ட்டை பாத்துக்கறதுதான் என் வேலைங்கறதால இதை அடிக்கடி பாக்கறேன், பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா நிறைய பேருக்கு அந்த பாக்ஸ் போனதுக்கு காரணமே விலை இல்ல. அதனால புதுசா விக்க வந்தவங்களுக்கு புரியற மாதிரி இதை அடியில இருந்து எழுதறேன். அமேசான் இந்தியாவை வெச்சே சொல்றேன், நம்ம ஊர்க்காரங்க அதிகமா மாட்டிக்கறது அங்கதான், எனக்கு நல்லா தெரிஞ்சதும் அதுதான்.

## முதல்ல வாட்ச்மேன் கதை

ஒரு அபார்ட்மெண்ட்ல அறுபது வீடு இருக்குன்னு வெச்சுக்குங்க. எல்லாரும் ஒரே பிராண்ட் இருபது லிட்டர் தண்ணி கேன்தான் வாங்கறாங்க. அதை கொண்டு வந்து போடற ஆளு மூணு பேர். வீட்டுக்காரங்க யாரும் இந்த மூணு பேர் நம்பரையும் வெச்சுக்கறதில்ல, இண்டர்காம்ல வாட்ச்மேனை கூப்பிட்டு "அண்ணே, ஒரு கேன் போட சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சிடுவாங்க. யாருக்கு போன் போடணும்னு முடிவு பண்றது வாட்ச்மேன்.

அவர் எப்படி முடிவு பண்ணுவார்? சீல் உடைஞ்ச கேன் கொண்டு வந்தவன், வரேன்னு சொல்லிட்டு வராம போனவன், இவங்களை அவர் கூப்பிடவே மாட்டார், அவன் எவ்வளவு குறைச்சு கொடுத்தாலும் சரி. மிச்சம் இருக்கறவங்கள்ல ஒருத்தன் 40 ரூபா சொல்லி மாடி ஏத்த தனியா 10 ரூபா கேப்பான், இன்னொருத்தன் 45 ரூபா சொல்லி கிச்சன் வரைக்கும் கொண்டு வந்து வெச்சிடுவான். வீட்டுக்காரங்க கையில இருந்து போறது மொத்தம் எவ்வளவு, கேன் எவ்வளவு சீக்கிரம் வரும், இந்த ரெண்டையும் சேர்த்துதான் அவர் யோசிப்பார். ரெண்டு பேரும் ஏறக்குறைய சமமா இருந்தா இன்னைக்கு இவன் நாளைக்கு அவன்னு மாத்தி மாத்தி கூப்பிடுவார். மூணு பேரும் சேர்ந்து 60 ரூபான்னு ஏத்திட்டாங்க, ஆனா எதிர்க்கடையிலயே 45க்கு கிடைக்குதுன்னா அவர் யாரையும் கூப்பிடமாட்டார், "நம்பர் தரேன், நீங்களே பேசிக்குங்க"ன்னு விலகிடுவார், ஏன்னா நாளைக்கு வீட்டுக்காரங்க திட்டப்போறது அவரைத்தான்.

அமேசான் பண்றதும் ஏறக்குறைய இதேதான். இந்த வாட்ச்மேனை மறந்துடாதீங்க, கடைசி வரைக்கும் வருவார்.

## அந்த பெட்டி எது

அமேசான்ல ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்தான். பத்து பேர் அதே பிராண்ட் அதே சைஸ் ஃபிளாஸ்க் வித்தாலும் பத்து பக்கம் கிடையாது, எல்லாரும் ஒரே பக்கத்துக்கு கீழ தான் வரணும். அந்த பக்கத்துக்கு ஏஎஸ்ஐஎன்னு ஒரு பத்து எழுத்து நம்பர் இருக்கும், அதுதான் அந்த பொருளோட அடையாளம். நீங்க உங்க விலை, ஸ்டாக், அனுப்பற முறை எல்லாம் சேர்த்து அந்த பக்கத்துல போடறதுக்கு பேரு ஆஃபர். தள்ளுபடி இல்ல, "நான் இந்த விலைக்கு இப்படி தர்றேன்"ங்கற உங்க சொல்.

வாங்க வர்றவர் பாக்கற பக்கத்துல வலது பக்கம், மொபைல்ல படத்துக்கு கீழ, Add to Cart, Buy Now ரெண்டு பட்டன் இருக்கும். அந்த பட்டனுக்கு பின்னாடி ஒரே ஒரு செல்லரோட ஆஃபர்தான் இருக்கும், Sold by ன்னு சின்ன எழுத்துல அவர் பேர் இருக்கும், மத்தவங்க எல்லாம் Other sellers on Amazon ன்னு ஒரு லிங்க்குக்கு உள்ள போயிடுவாங்க. இந்த பட்டன் இருக்கற இடத்தைத்தான் ரொம்ப நாளா பை பாக்ஸ்னு சொல்லிட்டு வந்தாங்க, இப்ப அமேசான் தன்னோட ரிப்போர்ட்ல எல்லாம் Featured Offer ன்னு போடுது. நான் பழகின பேரையே சொல்றேன், பாக்ஸ்னு.

வாங்கறவர் அந்த லிங்க்கை தட்டி உள்ள போய் ஒவ்வொரு செல்லரையும் ஒப்பிட்டு பாக்கறது ரொம்ப கம்மி, பட்டனை அழுத்திட்டு போயிடுவார். அதனால உள்ள இருக்கற ஒன்பது பேருக்கு அந்த பக்கம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இங்க ஒரு குழப்பத்தை இப்பவே தீர்த்துடறேன். பொருளுக்கு கீழ இருக்கற நட்சத்திரமும் ரிவ்யூவும் பொருளோடது, அது பத்து செல்லருக்கும் பொது. 4.5 ஸ்டார் இருக்கு எனக்கு ஏன் பாக்ஸ் வரலன்னு கேக்கறவங்க இதைத்தான் சொல்றாங்க. உங்களுக்குன்னு தனியா இருக்கறது செல்லர் ஃபீட்பேக், அதாவது உங்ககிட்ட வாங்கினவர் உங்க சர்வீஸுக்கு கொடுத்த மார்க்கு. பாக்ஸ் விஷயத்துல உங்களையும் பக்கத்து செல்லரையும் பிரிச்சு காட்டறது ரிவ்யூ இல்ல, ஃபீட்பேக் பக்கம் இருக்கற கணக்குதான்.

இதுவரைக்கும் சொன்னது: ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், அந்த பக்கத்துல பல ஆஃபர், பட்டனுக்கு பின்னாடி ஒரு நேரத்துல ஒருத்தர்.

## உள்ள விடறாங்களா இல்லையா

வாட்ச்மேன் சிலரை கூப்பிடவே மாட்டார்னு சொன்னேன் இல்ல, அமேசான்லயும் முதல்ல அந்த மாதிரி ஒரு வடிகட்டல் நடக்குது. இதுல தேறலன்னா உங்க விலை என்னன்னு பாக்கறதுக்கே போகாது. ஐம்பது ரூபா குறைச்சும் பாக்ஸ் வராதவங்கள்ல நிறைய பேர் இங்கதான் நிக்கறாங்க, ஆனா அவங்களுக்கு அது தெரியறதில்ல.

இங்க பெரிய ஆயுதம் ஆர்டர் டிஃபெக்ட் ரேட். 60 நாள்ல வந்த ஆர்டர்கள்ல எத்தனை ஆர்டர் கெட்ட பேர் வாங்கிச்சுங்கற சதவீதம். ஒரு ஸ்டார் ரெண்டு ஸ்டார் ஃபீட்பேக் வந்தது, ஏ டு இசட் கிளெய்ம்னு வாங்கினவர் அமேசான்கிட்ட பணம் திருப்பி கேட்டது, கார்டு பேங்க் மூலமா பணத்தை திருப்பிக்கிட்டது, இதெல்லாம் அதுல சேரும். இது 1 சதவீதத்துக்கு கீழ இருக்கணும்னு அமேசான் சொல்லுது. கூடவே லேட்டா அனுப்பினது 4 சதவீதத்துக்கு கீழ, நீங்களா கேன்சல் பண்ணினது 2.5 சதவீதத்துக்கு கீழ.

கேக்க சுலபமா இருக்கும், ஆனா சின்ன செல்லருக்கு இந்த 1 சதவீதம் எவ்வளவு கொடுமைன்னு கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. 60 நாள்ல உங்களுக்கு 80 ஆர்டர்தான் வந்திருக்குன்னா ஒரே ஒருத்தர் ஒரு ஸ்டார் கொடுத்தா போதும், ஒண்ணை எண்பதால வகுத்தா 1.25 சதவீதம், கோட்டை தாண்டியாச்சு. அதே 60 நாள்ல 2,000 ஆர்டர் பாத்த பெரிய செல்லருக்கு பத்தொன்பது பேர் திட்டினாலும் 0.95தான். அதனால புதுசா வந்தவங்க முதல் நூறு ஆர்டரை கண்ணாடி பாத்திரம் மாதிரி பாத்துக்கணும், பேக்கிங்ல பத்து ரூபா கூட போனாலும் பரவாயில்ல, கையில இல்லாத ஸ்டாக்கை போட்டு ஆர்டர் வந்தப்புறம் மார்க்கெட்டுக்கு ஓடற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஸ்டாக். கேக்க அல்பமா இருக்கும், ஆனா பாக்ஸ் போறதுக்கு ரொம்ப சாதாரணமான காரணம் இதுதான், ஸ்டாக் ஜீரோ ஆன நிமிஷமே நீங்க வெளிய.

சுருக்கமா, விலைக்கு முன்னாடி ஒரு வடிகட்டல் இருக்கு, அதுல மாட்டி நிக்கறவங்க விலையை குறைக்கறது வீண்.

## உள்ள போனப்புறம் எதை ஒப்பிடறாங்க

அமேசான் இந்த கணக்கோட ஃபார்முலாவை வெளிய சொல்றதில்ல, இதுக்கு இத்தனை மார்க்கு அதுக்கு அத்தனை மார்க்குன்னு யாராவது பட்டியல் போட்டு கொடுத்தா அதை நம்பாதீங்க. ஆனா எதை பாக்கறாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, அனுபவத்துலயும் தெரியுது: வாங்கறவர் கையில இருந்து போற மொத்தம், பொருள் கைக்கு வர எத்தனை நாள் ஆகும், இந்த செல்லரை நம்பலாமா.

மொத்தம்னா உங்க விலையும் ஷிப்பிங் சார்ஜும் சேர்த்தது. 829 ரூபா விலை போட்டு 60 ரூபா ஷிப்பிங் வெச்சா நீங்க 889 ரூபாக்காரர், 879க்கு ஃப்ரீ ஷிப்பிங் கொடுக்கறவரை விட பத்து ரூபா ஜாஸ்தி. லிஸ்ட்ல நான்தான் கம்மின்னு சந்தோஷப்படறவங்க இந்த கூட்டலை விட்டுடறாங்க.

நாள் கணக்குலதான் பெரிய வித்தியாசம் விழும். அனுப்பறதுக்கு இங்க மூணு வழி இருக்கு. உங்க சரக்கை முன்னாடியே அமேசான் கிடங்குல கொண்டு போய் வெச்சிட்டு, ஆர்டர் வந்தா அவங்களே பேக் பண்ணி அனுப்பறது எஃப்பிஏ. சரக்கு உங்ககிட்ட இருக்கும், ஆர்டர் வந்தப்புறம் அமேசான் ஆள் வந்து எடுத்துட்டு போறது ஈஸி ஷிப். எல்லாமே நீங்களே கூரியர் போட்டு அனுப்பறது செல்ஃப் ஷிப். சென்னையில இருக்கற கிடங்குல சரக்கு இருந்தா தாம்பரத்துக்காரருக்கு நாளைக்கே போயிடும், பிரைம் முத்திரையும் சேர்ந்து வரும். அதே பொருள் ஈரோட்ல உங்க குடோன்ல இருந்து கிளம்பணும்னா நாலு நாள். இதனால எஃப்பிஏல இருக்கறவர் கொஞ்சம் ஜாஸ்தி விலை வெச்சும் பாக்ஸ் வாங்கிடுவார், வாட்ச்மேன் 45 ரூபாக்காரனை கூப்பிட்ட மாதிரி.

எஃப்பிஏல இன்னொரு லாபம், டெலிவரி லேட்டாச்சுன்னு யாராவது கெட்ட ஃபீட்பேக் போட்டா அந்த பொறுப்பை அமேசான் தன்மேல எடுத்துக்கும், உங்க கணக்குல ஏறாது. இப்படி எஃப்பிஏக்காரங்களுக்கு கிடைக்கற சலுகை நியாயமாங்கற கேள்வி வெளிநாட்டுல பெருசா வெடிச்சது. இத்தாலி போட்டி ஆணையம் 2021 டிசம்பர்ல 112 கோடி யூரோவுக்கு மேல அபராதம் போட்டதே இந்த இணைப்புக்காகத்தான். அடுத்த வருஷம் 2022 டிசம்பர்ல ஐரோப்பிய ஆணையத்துக்கு அமேசான் எழுதி கொடுத்ததுல, பாக்ஸுக்கு ஆள் எடுக்கும்போது எல்லா செல்லரையும் சமமா நடத்தறேன், விலையிலயோ டெலிவரியிலயோ நல்லா வித்தியாசப்படற இன்னொரு ஆஃபர் இருந்தா ரெண்டாவதா ஒரு பெட்டியும் காட்டறேன்னு ஒத்துக்கிச்சு. அது ஐரோப்பாவுக்கு. இங்க நமக்கு ஒரு பெட்டிதான்.

## பாக்ஸ் ஒரு கப்பு இல்ல, ஒரு பங்கு

"எனக்கு பாக்ஸ் இருக்கா இல்லையா"ன்னு கேக்கறதே பாதி தப்பு. ஒவ்வொருத்தர் பக்கத்தை திறக்கும்போதும் அந்த நேரத்துல அவருக்கு யார் ஆஃபர் நல்லதுன்னு கணக்கு போடறாங்க. தாம்பரத்துல இருந்து பாக்கறவருக்கு ஒரு செல்லர் வரலாம், கோபிச்செட்டிப்பாளையம் பின்கோடுல இருந்து பாக்கறவருக்கு வேற செல்லர் வரலாம், ஏன்னா நாள் கணக்கு மாறுது. ரெண்டு பேர் சமமா இருந்தா மாத்தி மாத்தி வரும்.

அதனால உங்க மொபைல்ல உங்க வீட்டு பின்கோடுல இருந்து பாத்துட்டு "இருக்கு", "போச்சு"ன்னு முடிவு பண்ணாதீங்க. செல்லர் சென்ட்ரல்ல Business Reports உள்ள போனா ஒவ்வொரு பொருளுக்கும் Featured Offer சதவீதம்னு ஒரு column இருக்கும். அந்த பக்கத்தை எத்தனை தடவை திறந்தாங்களோ அதுல எத்தனை தடவை பட்டனுக்கு பின்னாடி நீங்க இருந்தீங்கங்கறது அது. 12 சதவீதம்னா நூறு தடவை கதவு திறந்ததுல பன்னெண்டு தடவை நீங்க நின்னீங்க. இந்த நம்பரை வாரா வாரம் ஒரு நோட்டுல எழுதி வெச்சா போதும், பாதி பதட்டம் போயிடும்.

விளம்பரம் போடறவங்களுக்கும் இது முக்கியம். ஸ்பான்சர்ட் ப்ராடக்ட்ஸ் விளம்பரம் உங்க ஆஃபர் பாக்ஸ்ல இருக்கும்போதுதான் ஓடும். நேத்து வரைக்கும் ஓடின விளம்பரம் இன்னைக்கு யாருக்கும் காட்டலன்னா பட்ஜெட்டையும் கீவேர்டையும் கிளறாதீங்க, முதல்ல பாக்ஸை பாருங்க.

இதுவரைக்கும்: வடிகட்டல்ல தேறணும், அப்புறம் மொத்த விலை, நாள், நம்பிக்கை மூணையும் சேர்த்து ஒப்பிடுவாங்க, முடிவு வர்றது சதவீதமா.

## ஒரு ஃபிளாஸ்க், மூணு செல்லர்

இப்ப ஒரு கணக்கு போடுவோம். நம்பர் எல்லாம் புரியறதுக்காக நான் வெச்சுக்கிட்டது, நீங்க உங்க நம்பரை போட்டு பாத்துக்கலாம். ஒரு பிராண்ட் ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க், அந்த பக்கத்துல வாரத்துக்கு ஐம்பது ஆர்டர் விழுது.

முதல் ஆள் செல்ஃப் ஷிப், 829 விலை, 60 ஷிப்பிங், ஆறு நாள். ரெண்டாவது ஆள் எஃப்பிஏ, 899, ஃப்ரீ, நாளைக்கே. மூணாவது நம்ம ஆளு, ஈரோட்ல இருக்கார், ஈஸி ஷிப், 879, ஃப்ரீ, நாலு நாள். ரிப்போர்ட்ல நம்மாளுக்கு 12 சதவீதம் காட்டுது. வாரத்துக்கு ஆறு ஆர்டர்.

அவருக்கு ஒரு ஃபிளாஸ்க் அடக்கம் 640, கமிஷன், ஷிப்பிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 185. ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஓரமா வெச்சிடலாம். 879ல இருந்து 825 போனா 54 ரூபா நிக்குது, ஆறு ஆர்டருக்கு 324 ரூபா.

குரூப்ல சொன்னாங்கன்னு அவர் 849க்கு இறக்கறார். கமிஷன் கொஞ்சம் குறையும், செலவு 181ன்னு வெச்சுக்கலாம், நிக்கறது 28 ரூபா. முதல் மூணு நாள் பங்கு 30 சதவீதத்துக்கு ஏறுது, அவருக்கு சந்தோஷம். நாலாவது நாள் ரெண்டாவது ஆள் 869க்கு வந்துட்டார், நாளைக்கே டெலிவரியோட. பங்கு மறுபடி 14. வாரத்துக்கு ஏழு ஆர்டர், 28 வீதம் 196 ரூபா. ஒரு ஆர்டர் கூட வந்துச்சு, 128 ரூபா கையை விட்டு போச்சு. இனி 829க்கு இறக்குன்னு சொல்ல குரூப்ல ஆள் ரெடியா இருப்பாங்க, அங்க நிக்கறது பத்து ரூபா சொச்சம்தான், ஒரு ரிட்டர்ன் வந்தா அதுவும் போச்சு.

இப்ப அவர் இறக்கறதுக்கு முன்னாடி நிலைக்கே போவோம், ரெண்டாவது ஆள் இன்னும் 899லதான் இருக்கார். நம்மாளு தோத்தது எங்க? மொத்த விலையில அவர் இருபது ரூபா கம்மி. தோத்தது மூணு நாள்ல. அப்ப வாங்க வேண்டியது அந்த மூணு நாளை. நாப்பது ஃபிளாஸ்க்கை எஃப்பிஏக்கு அனுப்பறார், செலவு 185ல இருந்து 202 ஆகுது, விலையை 895ன்னு வெக்கறார், ஆமா, ஏத்தறார். நிக்கறது 53 ரூபா. இப்ப ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணு, பங்கு 44 சதவீதம்னு வந்தா வாரத்துக்கு இருபத்திரெண்டு ஆர்டர், 1,166 ரூபா. ரெண்டாவது ஆள் பதிலுக்கு குறைக்கலாம்தான், அப்பவும் நம்மாளுக்கு பழைய நிலைமை இல்ல, ஒரே தரையில நின்னு பேசறார்.

இதுல ரெண்டு வலி இருக்கு, மறைக்கக் கூடாது. எஃப்பிஏக்கு போகணும்னா அந்த கிடங்கு முகவரியை உங்க ஜிஎஸ்டி பதிவுல கூடுதல் வியாபார இடமா சேர்க்கணும், கிடங்கு வேற மாநிலத்துல இருந்தா அந்த மாநிலத்துக்கு தனி ஜிஎஸ்டி நம்பரே எடுக்கணும். அப்புறம் மெதுவா போற பொருளை அனுப்பினா கிடங்கு வாடகை மாசா மாசம் ஏறும். அதனாலதான் நானூறு இல்லாம நாப்பது. பெரிய சைஸ் பொருள், அதாவது பிளாஸ்டிக் சேர், மெத்தை மாதிரி இருந்தா இந்த கணக்கு பல நேரம் ஒத்தே வராது, அங்க ஈஸி ஷிப்ல ஆர்டரை சீக்கிரம் பேக் பண்ணி கொடுத்து நாளை குறைக்கறதுதான் வழி.

## ஆட்டோ விலை டூல்

நாள் பூரா உக்காந்து விலை மாத்த முடியாதுன்னு ரீப்ரைசர் போடறாங்க, எதிர் செல்லர் விலை மாறினா உங்க விலையையும் தானா மாத்தற டூல் அது. அமேசானே ஃப்ரீயா ஒண்ணு தருது. டூல் தப்பில்ல, கீழ் எல்லையும் மேல் எல்லையும் போடாம விடறதுதான் ஆபத்து.

கீழ் எல்லை ஏன்னு ஃபிளாஸ்க் கதையிலயே தெரிஞ்சிருக்கும். ரெண்டு டூலும் ஒண்ணை ஒண்ணு பாத்து ஒவ்வொரு ரூபாயா இறங்கும், காலையில எந்திரிச்சா அடக்கத்துக்கு கீழ வித்திருப்பீங்க. மேல் எல்லைக்கு 2011ல நடந்த ஒண்ணை சொல்றேன். அமெரிக்க அமேசான்ல ஈயைப் பத்தின ஒரு உயிரியல் புத்தகத்தை புதுசா ரெண்டே செல்லர் வித்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தரோட டூல் எதிராளி விலையை 0.9983ஆல பெருக்கி கொஞ்சூண்டு கீழ நிக்கும். இன்னொருத்தரோடது எதிராளி விலையை 1.270589ஆல பெருக்கி மேல நிக்கும். ஒரு சுத்துக்கு விலை கால் பங்குக்கு மேல ஏறும், யாரும் பாக்கல, ஏறி ஏறி ஏப்ரல் மாசம் அந்த புத்தகம் 2 கோடியே 36 லட்சம் டாலரை தாண்டி நின்னுச்சு. மேல் எல்லைன்னு ஒரு நம்பர் ரெண்டுல ஒருத்தர் போட்டிருந்தா அன்னைக்கே நின்னிருக்கும்.

கீழ் எல்லையை மனசுல தோணறதை போடாதீங்க. அடக்கம், கமிஷன், ஷிப்பிங், பேக்கிங், ஜிஎஸ்டி, அப்புறம் ரிட்டர்ன் செலவை எல்லா ஆர்டர் மேலயும் பரப்பினது. பத்துல ஒண்ணு திரும்பி வருது, ஒரு ரிட்டர்னுக்கு 120 ரூபா போகுதுன்னா மிச்ச ஒன்பது ஆர்டர் மேல 13 ரூபா சொச்சம் ஏத்தணும். இதை விட்டுட்டுதான் நிறைய பேர் "பாக்ஸ் இருக்கு, சேல்ஸ் இருக்கு, காசு எங்க"ன்னு தேடறாங்க.

## யாருக்குமே பாக்ஸ் இல்லாத நேரம்

கடைசியா, எதிர்க்கடையில 45க்கு கிடைக்கும்போது வாட்ச்மேன் விலகிக்கிட்டார் இல்ல, அது. சில நேரம் பக்கத்துல Add to Cart பட்டனே இருக்காது, அந்த இடத்துல See All Buying Options ன்னு மட்டும் இருக்கும். போட்டியாளர் உங்ககிட்ட இருந்து பிடுங்கிட்டார்னு அர்த்தம் இல்ல, அமேசான் யாரையும் நிறுத்தலன்னு அர்த்தம். வெளிய வேற கடையில இதே பொருள் கம்மியா இருக்கு, இல்லன்னா சமீபத்துல நீங்களே வித்த விலையை விட இப்ப ரொம்ப ஏத்திட்டீங்கங்கறது வழக்கமான காரணம்.

இது ஒரே செல்லர் இருக்கற பொருளுக்கும் நடக்கும், அதுதான் புதுசா வர்றவங்களை ரொம்ப குழப்புது. கரூர்ல பெட்ஷீட் நெய்து சொந்த பிராண்டுல விக்கிறவர்னு வெச்சுக்குங்க. அமேசான்ல அவர் பொருளுக்கு அவர் மட்டும்தான் செல்லர், விலை 1,299. தீபாவளிக்கு சொந்த வெப்சைட்ல 1,099ன்னு ஒரு ஆஃபர் போடறார். ரெண்டு நாள்ல அமேசான் பக்கத்துல பட்டன் காணோம், விளம்பரமும் நின்னுடுச்சு. யாரோ அக்கவுண்ட்ல கை வெச்சிட்டாங்கன்னு பாஸ்வேர்டை மாத்தறார், சப்போர்ட்டுக்கு கேஸ் போடறார், ஆனா உள்ள ஒண்ணும் ஆகல, அவரோட பொருளுக்கு அவரே எதிர்க்கடை ஆயிட்டார்.

இப்படி ஆனா செல்லர் சென்ட்ரல்ல Pricing Health பக்கத்தை திறங்க, எந்த பொருளுக்கு பாக்ஸ் இல்ல, எந்த விலையோட ஒப்பிடறாங்கன்னு அங்க காட்டும். சில நேரம் அந்த ஒப்பீடே தப்பா இருக்கும், உங்க டபுள் சைஸ் பெட்ஷீட் விலையை வேற எங்கயோ இருக்கற சிங்கிள் சைஸ் விலையோடவோ, உங்க ரெண்டு பீஸ் பேக்கை ஒரு பீஸ் விலையோடவோ வெச்சு பாத்திருப்பாங்க. அப்ப விலையை குறைக்காதீங்க, சைஸையும் எண்ணிக்கையையும் டைட்டில்லயும் பொருள் விவரத்துலயும் தெளிவா திருத்திட்டு, அது எப்படி வேற பொருள்னு காட்டி கேஸ் போடுங்க. ஒப்பீடு சரியா இருந்தா கரூர்க்காரருக்கு ரெண்டு வழிதான், வெப்சைட் ஆஃபர் முடியற வரைக்கும் அமேசான்லயும் 1,099 பக்கம் வர்றது, இல்ல அந்த நாள்களுக்கு அங்க வியாபாரம் படுக்கும்னு தெரிஞ்சே வெப்சைட்ல மட்டும் தள்ளி விக்கறது. அமேசான் கமிஷன் இல்லாத விற்பனைங்கறதால ரெண்டாவதுல சில நேரம் கையில கூட நிக்கும், தீபாவளி ஸ்டாக் எவ்வளவு இருக்குங்கறதை பொறுத்து அதை அவர் ஆஃபர் போடறதுக்கு முந்தின வாரமே கணக்கு போட்டு வெச்சிடலாம்.